சி.ஆர்.சி. வகுத்தல்: 13 மதிப்பெண் கேள்விக்கு முழு விடை

கேள்வி: அனுப்ப வேண்டிய தரவு 11010111. ஜெனரேட்டர் பல்லுறுப்புக்கோவை G(x) = x^4 + x + 1.
(அ) அனுப்பப்படும் பிரேமைக் கண்டுபிடி. (7)
(ஆ) வழியில் இடமிருந்து 3-வது பிட் மாறிவிட்டால், பெறுநர் அதை எப்படிக் கண்டுபிடிப்பார் என்று வகுத்துக் காட்டு. (4)
(இ) இந்த ஜெனரேட்டரால் கண்டுபிடிக்க முடியாத பிழை ஒன்றைச் சொல். (2)

(அ) முதலில் G(x)-ஐ பிட்களாக எழுத வேண்டும். x^3, x^2 கேள்வியில் இல்லை, ஆனால் அவற்றின் இடம் இருக்கிறது. அங்கே 0 வரும். ஆக G = 10011. இதை 111 என்று எழுதிவிட்டு அடுத்த இரண்டு பக்கத்தையும் வீணாக்குபவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு.

G(x)-இன் படி 4 என்பதால் தரவின் கடைசியில் நான்கு 0 சேர்க்கிறோம். ஜெனரேட்டரில் ஐந்து பிட் இருக்கிறதே என்று ஐந்து போடக் கூடாது. வகுபடும் எண், அதாவது x^4·M(x) = 110101110000. மீதி வந்து உட்காரத்தான் இந்த நான்கு இடம்.

இனி மாடுலோ-2 வகுத்தல். கடன் வாங்குவதும் இல்லை, மிச்சம் ஏற்றுவதும் இல்லை. கழித்தல் என்றாலே எக்ஸார்: இரண்டும் ஒன்றாக இருந்தால் 0, வேறாக இருந்தால் 1.

```
110101110000
10011
------------
 10011
 10011
------------
      11000
      10011
------------
       10110
       10011
------------
        0101
```

இரண்டாவது படியில் எல்லாமே 0 ஆகிவிடுகிறது. அதைப் பார்த்ததும் கணக்கு முடிந்தது என்று பேனாவை மூடிவிடாதீர்கள், கீழே இறக்க இன்னும் ஆறு பிட் இருக்கிறது. அடுத்தடுத்து பிட்டை இறக்கி, ஐந்து பிட்டின் முதல் இலக்கம் 0 ஆக இருக்கும் வரை ஈவில் 0 போட்டுக்கொண்டே போக வேண்டும். அப்படி நான்கு 0 விழுந்த பிறகுதான் 11000 கிடைக்கிறது.

ஈவு 11000011, மீதி 0101. ஈவு எதற்கும் பயன்படாது, ஆனாலும் எழுதி வையுங்கள்: சேர்த்த நான்கு 0-வையும் இறக்கியிருந்தால் தரவைப் போலவே அதிலும் எட்டு பிட் இருக்கும்.

மீதியை 101 என்று சுருக்கக் கூடாது. சி.ஆர்.சி. எப்போதும் நான்கு பிட், முன்னால் உள்ள 0-வும் சேர்த்துத்தான். சேர்த்த 0000 இருந்த இடத்தில் 0101-ஐ வைத்தால்,

அனுப்பப்படும் பிரேம் = 110101110101

மீதியைக் கழித்தால் G-ஆல் மீதியின்றி வகுபடும். இங்கே கழித்தலும் கூட்டலும் ஒன்றுதான், அதனால் மீதியை அப்படியே ஒட்டினாலே போதும்.

(ஆ) 3-வது பிட் 0-விலிருந்து 1 ஆகிறது. பெறுநருக்குக் கிடைப்பது 111101110101. அவர் எந்த 0-வும் சேர்ப்பதில்லை. வந்த பிரேமை முழுசாக அதே 10011-ஆல் வகுக்கிறார்.

```
111101110101
10011
------------
 11011
 10011
------------
  10001
  10011
------------
     10101
     10011
------------
       11001
       10011
------------
        1010
```

மூன்றாவது படிதான் பொறி. 10001, 10011-ஐ விடச் சிறியது, ஆகவே ஈவில் 0 என்று பலர் எழுதுகிறார்கள். சாதாரண வகுத்தலின் பழக்கம் அது. இங்கே பெரியதா சிறியதா என்று பார்ப்பதே இல்லை, முதல் பிட் 1-ஆ என்று மட்டும்தான் பார்க்கிறோம். இரண்டுமே நான்காம் படிக் கோவைகள், அதனால் ஒன்று மற்றொன்றுக்குள் ஒரு முறை போகும். ஈவில் 1 போட்டு எக்ஸார் செய்தால் 00010.

மீதி 1010. இது 0000 இல்லை, ஆகவே பிரேமில் பிழை இருக்கிறது, பெறுநர் அதை ஏற்கமாட்டார்.

சரி பார்க்க ஒரு குறுக்குவழி. மாறிய பிட்டின் இடம் x^9, அதனால் x^9-ஐ G(x)-ஆல் வகுத்தாலும் இதே மீதி வர வேண்டும். x^4 இருக்கும் இடத்தில் x + 1 போட்டுக்கொண்டே போனால் x^8 = x^2 + 1. இன்னொரு x-ஆல் பெருக்கினால் x^3 + x, அதாவது 1010. பொருந்துகிறது. நேரம் இருந்தால் இதை ஓரத்தில் போட்டுப் பாருங்கள்.

(இ) பிழைக்கோவை E(x), G(x)-ஆல் மீதியின்றி வகுபட்டால் பெறுநருக்கு எதுவும் தெரியாது. எளிய உதாரணம் E(x) = G(x) தான்: x^4, x, 1 ஆகிய மூன்று இடங்களிலும் பிட் மாறுவது. அப்போது பெறப்படும் பிரேம் 110101100110. இதை வகுத்தால் மீதி 0000.

மாறிய பிட்கள் மூன்று, ஒற்றைப்படை. ஒற்றைப்படைப் பிழைகள் எல்லாவற்றையும் பிடிக்க G(x)-இல் x + 1 ஒரு காரணியாக இருக்க வேண்டும். G(x)-இல் x = 1 போட்டால் 1 + 1 + 1 = 1, பூஜ்யம் வரவில்லை. ஆக x + 1 இதில் காரணி இல்லை.