ரவுட்டரும் சர்வரும் நின்றுவிட்டால்

அக்கா,

நெட் போனால் எனக்கே தெரிந்துவிடும், நான் போன் செய்கிறேன். அதுவரை எதையும் தொட வேண்டாம்.

டிவிக்குப் பின்னால் சுவரில் இருக்கும் வெள்ளைப் பெட்டியை முதலில் பாருங்கள். அதில் LOS விளக்கு சிவப்பாக எரிந்தால் கோளாறு வெளியே, ஃபைபர் லைனில். நாம் சுவிட்சைத் தட்டிப் பயனில்லை. ஒரு போட்டோ மட்டும் அனுப்புங்கள், புகார் நான் கொடுத்துக்கொள்கிறேன்.

சிவப்பு இல்லையா? அப்போது வெள்ளைப் பெட்டி, கறுப்பு ரவுட்டர் இரண்டின் சுவிட்சையும் அணைத்து அரை நிமிடம் பொறுங்கள். வெள்ளையை முதலில் போடுங்கள். PON விளக்கு மினுக்காமல் நிலையாக நின்றதும் ரவுட்டர். பின்பக்கச் சின்ன ஓட்டையில் இருப்பது ரீசெட் பட்டன். குட்டிப்பையன் கூட வந்தால் குச்சியை அதற்குள் நுழைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், செட்டிங் எல்லாம் அழிந்துவிடும்.

கீழ்த் தட்டில் உள்ள சர்வரை நான் கேட்டால் மட்டும் தொடுங்கள். பிளக்கைப் பிடுங்கவே கூடாது, உள்ளே டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும். முன்பட்டனை ஒருமுறை லேசாக அழுத்தி விடுங்கள், பிடித்துக்கொண்டே இருக்க வேண்டாம். இரண்டு மூன்று நிமிடத்தில் நீல விளக்கு தானாக அணையும். அப்புறம் மறுபடி ஒருமுறை அழுத்தினால் எழுந்துகொள்ளும். பத்து நிமிடமாகியும் விளக்கு அணையவில்லை என்றால் அப்படியே விட்டுவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.

கரண்ட் போனால் யூபிஎஸ் கீச்கீச் என்று கத்தும். பயப்பட வேண்டாம், கத்தட்டும்.