பத்தொன்பதாவது சிலைடு

மொத்தம் 43 சிலைடு. மத்தியானம் நாசி லெமாக் சாப்பிட்ட கையோடு ஏர்கோன் அறையில் உட்கார வைத்தால் எவனுக்குத்தான் கண் சொக்காது? பினாங்கு மாநிலத்துப் பிறையில் ஒரு பிஸ்கட் பேக்டரி, எனக்கு அன்றுதான் முதல் நாள். பக்கத்தில் திலக் என்ற நேப்பாளிப் பையன், அவனுக்கும் அன்றுதான். சேப்டி ஆபீசர் நாதன் சார் மலாயில் விளக்கிக்கொண்டே போனார்.

ஐந்தாவது சிலைடில் சட்டம். மலேசியாவின் 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி 2024 ஜூன் 1 முதல் அமல்படுத்தியிருக்கிறார்களாம். பாதுகாப்புக் கடமையில் தவறும் முதலாளிக்கு 50,000 வெள்ளியாக இருந்த உச்ச அபராதம் இப்போது 5 லட்சம். ஆபத்து கண்முன் நிற்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளியும் அதை நீக்க எதுவும் செய்யாவிட்டால் வேலையை விட்டு விலகி நிற்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. முதல் நாள் வந்தவனிடம் விலகி நிற்கும் உரிமையைப் பேசுவது, பெண் பார்க்கப் போன வீட்டில் விவாகரத்தைப் பேசுகிற மாதிரி இருந்தது எனக்கு.

பதினெட்டாவது சிலைடு வந்ததும் நாதன் சார் பாக்கெட்டிலிருந்து சிவப்புப் பூட்டு ஒன்றை எடுத்து மேசைமேல் டொக்கென்று வைத்தார். பாதி மூடியிருந்த கண்கள் எல்லாம் திறந்தன.

"இதுக்கு ஒரே சாவி. அது உங்க பாக்கெட்லதான் இருக்கணும். என்கிட்டகூட இன்னொண்ணு கிடையாது."

திரையில் மூன்றே வரி. மெயின் சுவிட்சை அடை. பூட்டி, பேர் எழுதின அட்டையை மாட்டு. ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார். மூன்றாவது வரியை எங்களை மூன்று தடவை சொல்ல வைத்தார். சொல்லி முடித்ததும் நான் தூங்கிவிட்டேன். திலக் முழங்கையால் இடித்து எழுப்பியபோது காதடைப்பான் படம் ஓடிக்கொண்டிருந்தது. இருபத்து நாலாவது சிலைடு.

மூன்றாம் நாள் சாயங்காலம் நாலரை மணி. மூன்றாம் லைனில் பிஸ்கட்டுக்கு உறை சுற்றும் மெஷினில் பிளாஸ்டிக் சுருள் கிழிந்து உள்ளே இழுத்துக்கொண்டது. பிஸ்கட்டைத் தள்ளி வரும் சங்கிலியில் விரல் நீளத்துக்குப் பித்தளைக் கொம்புகள் வரிசையாக நிற்கும். பிளாஸ்டிக் அந்தக் கொம்புகளில் சுற்றிச் சுற்றி, சூட்டில் இளகி, கெட்டியாகிக் கிடந்தது. பின்னால் வந்த பிஸ்கட்டெல்லாம் ஏறி விழுந்து தூள்.

லைன் லீடர் செல்வி அக்கா ஓடிவந்து சிவப்பு எமர்ஜென்சி பட்டனைத் தட்டினார். பதினேழு வருச சர்வீஸ். "தம்பி, நின்னுடுச்சு பாரு. கையை விட்டு இழு, ஏழு மணிக்குள்ள இன்னும் முன்னூறு பெட்டி போகணும்."

"அக்கா, எமர்ஜென்சி அழுத்துனா மட்டும் போதாதுன்னு சிலைடுல..."

"சிலைடா?" என்று சிரித்தார். ஆனால் தடுக்கவில்லை. "சரி, சீக்கிரம் பண்ணு."

சுவரோரப் பெட்டியில் '3' என்று எழுதியிருந்த சுவிட்சைத் திருகி அடைத்து, ஓட்டையில் என் பூட்டை மாட்டினேன். அட்டையில் பேர், தேதி, மணி எழுதினேன். கை நடுங்கியதில் என் பேரே கோணலாகப் போனது. மெஷின் திரை இருண்டுவிட்டது. அக்கா எமர்ஜென்சி பட்டனைத் திரும்ப வெளியே இழுத்துவிட்டார்; அது அழுங்கியே இருந்தால் கரண்டு வந்தாலும் மெஷின் ஓடாது, அழுத்திப் பார்த்து என்ன பிரயோசனம்? பச்சைப் பட்டனை அழுத்தினேன். சத்தமே இல்லை.

"ஆச்சா?"

ஆச்சு என்றுதான் நானும் நினைத்தேன். கையுறையை இழுத்து மாட்டும்போதுதான் சங்கிலிக்குப் பக்கத்தில் தனியாக ஒரு சின்னப் பெட்டி கண்ணில் பட்டது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய இன்னொரு பச்சைப் பட்டன். இதையும் ஒரு தட்டு தட்டுவோமே என்று தட்டினேன்.

சங்கிலி ஓடியது.

ஒரு முழம் ஓடியிருக்கும், நான் பதறிப்போய்ப் பக்கத்துப் பட்டனை அழுத்தி நிறுத்துவதற்குள். பித்தளைக் கொம்பு ஒன்று கெட்டியாய்க் கிடந்த பிளாஸ்டிக்கைக் குத்திக் கிழித்துக்கொண்டு போனது. சரியாக நான் கை விடவிருந்த இடம். செல்வி அக்கா வாயில் முந்தானையை வைக்கிற மாதிரி ஏப்ரன் நுனியை வைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் பேசவில்லை.

எலக்ட்ரீஷியன் ராஜு அண்ணன் வந்து வயரைப் பிடித்துக்கொண்டே போனார். அது நாலாம் லைன் சுவிட்சில் போய் முடிந்தது. சங்கிலி மெஷினோடு வந்ததில்லை, பின்னால் சேர்த்தது. அன்றைக்கு எந்தப் புண்ணியவானுக்கு நாலாம் லைன் பெட்டி கிட்டமோ, அங்கிருந்து இழுத்துவிட்டான்.

"அப்ப நாலையும் நிறுத்தணும். கை விடறவன் நீ, ரெண்டுலயும் உன் பூட்டு இருக்கணும்," என்றார் அண்ணன். என்னிடம் இருந்ததோ ஒன்றுதான். செல்வி அக்கா எதுவும் சொல்லாமல் லாக்கருக்குப் போய்த் தன் பூட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அப்படியே இருந்தது. நகத்தால் கிழிக்க வரவில்லை, பல்லால் கடித்துக் கிழித்தேன்.

வயரை மாற்றித் தரும் வேலை இருந்ததால் ராஜு அண்ணன் இரண்டு சுவிட்சிலும் பல ஓட்டைக் கொக்கி போட்டுத் தன் பூட்டுகளையும் சேர்த்து மாட்டினார். இந்தத் தடவை இரண்டு பச்சைப் பட்டனையும் அழுத்தி, எதுவும் அசையவில்லை என்று பார்த்த பிறகே கையை விட்டேன். சுரண்டி எடுக்க அரை மணி நேரம் ஆனது. இரண்டு லைன் நின்றதற்கு மேனேஜர் வந்து முகம் சுளித்தார். நாதன் சார் அந்தச் சங்கிலியைக் காட்டினதும் பேசாமல் போய்விட்டார். விபத்து நடக்கவிருந்து தப்பியதற்கு ஒரு படிவம் உண்டு, மலாயில் நானே எழுதி நீட்டினேன்.

ஏழு மணி. ராஜு அண்ணன் இன்னும் பெட்டியைத் திறந்து வைத்து வேலையில் இருந்தார். நான் மோட்டாரை எடுத்துக்கொண்டு புக்கிட் மெர்தாஜாமுக்குக் கிளம்பினேன். ராஜா மாதிரி இருந்தது எனக்கு. வீட்டுக்கு முன்னால் மாமாக் கடையில் நிறுத்தி, தே தாரேவும் ரொட்டி சானாயும் சொன்னேன். ரொட்டியைப் பிய்க்கும்போது போன் அடித்தது. எட்டேகால்.

"தம்பி," நாதன் சார் குரல். "ராஜு வேலை முடிச்சுத் தன் பூட்டை எடுத்தாச்சு. நைட் ஷிப்ட் பதினோரு பேரு லைன்ல கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க. உன் பாக்கெட்டைத் தொட்டுப் பாரு."

தொட்டேன். இரண்டு சாவி.

"வெட்டிடுங்களேன் சார்."

"வெட்டலாம். நீ உள்ள இல்லன்னு உறுதிப்படுத்தணும், எழுதணும், மேனேஜர் கையெழுத்துப் போடணும். அவர் பினாங்குப் பாலத்துல ஜாம்ல இருக்காரு. நீ வந்துடு, அதான் கிட்ட. ஷிப்ட் மாறும்போது பூட்டை என்ன பண்ணணும்னு சிலைடுல போட்டிருந்தேனே?"

"எந்த சிலைடு சார்?"

போனில் பெருமூச்சு கேட்டது.

ரொட்டியை அப்படியே விட்டுவிட்டுப் போனேன். சுவரோரப் பெட்டிக்கு முன்னால் நைட் ஷிப்ட் ஆட்களோடு திலக் நின்றிருந்தான். தலையில் வலை, காதில் அடைப்பான், இடுப்பில் அவனுடைய சிவப்புப் பூட்டு. உள்ளே இரைச்சல், பேசினாலும் கேட்காது. நான் இரண்டு பூட்டையும் திறந்து எடுக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சிரித்துக்கொண்டே பத்து விரலையும் விரித்துக் காட்டினான். ஒன்றை மடக்கி மறுபடியும் காட்டினான்.