வேளச்சேரி மருத்துவமனை, புதிய பிரிவு: டீசல் ஜெனரேட்டர் அளவுக் குறிப்பு

பரிந்துரை: 320 கேவிஏ, பிரைம் ரேட்டிங், இரண்டு செட். ஒன்று ஓடும், மற்றது அதற்கு மாற்று. ஐசியுவும் ஆபரேஷன் தியேட்டரும் ஒரே எஞ்சினை நம்பி இருக்கக் கூடாது.

லோடு (கிலோவாட்): யுபிஎஸ் வழியாக ஐசியு, தியேட்டர் 60, விளக்கு 25, சில்லர் 75, ஏஹெச்யு 20, லிஃப்ட் 22, மெடிக்கல் ஏர் கம்ப்ரசர் 15, வேக்குவம் 8, தண்ணீர் பம்பு 10. மொத்தம் 235. எல்லாம் ஒரே நேரத்தில் முழுதாக ஓடாது என்பதால் 0.85ஆல் பெருக்கினால் 200 கிலோவாட், அதாவது சுமார் 235 கேவிஏ. இதை மட்டும் பார்த்தால் 250 கேவிஏ போதும் என்று தோன்றும். போதாது.

காரணம் சில்லர். 75 கிலோவாட் மோட்டாரின் முழு லோடு கரன்ட் சுமார் 130 ஆம்பியர். சாஃப்ட் ஸ்டார்ட்டரை 3 மடங்கில் நிறுத்தினாலும் 390 ஆம்பியர் இழுக்கும்:

```
1.732 × 415 × 390 / 1000 = 280 kVA
```

ஆல்டர்னேட்டரின் ட்ரான்சியன்ட் ரியாக்டன்ஸ் 20% என்று வைத்தால், 250 செட்டில் வோல்டேஜ் 18% விழும், 320இல் 15%. நமக்கு 15% தான் வரம்பு. ஸ்டார்-டெல்டா வேண்டாம். ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாறும் கணத்தில் நேரடி ஸ்டார்ட்டுக்கு நெருக்கமாகக் கரன்ட் எகிறும்.

மின்சாரம் போனதும் செட்டைத் தானாக ஓட்டி லோடை மாற்றும் ஏஎம்எஃப் பேனலில் வரிசை: 10 நொடிக்குள் யுபிஎஸ், தியேட்டர், ஐசியு, வேக்குவம், மெடிக்கல் ஏர், அப்புறம் லிஃப்ட், பம்பு, ஏஹெச்யு, ஒரு நிமிடம் கழித்துக் கடைசியாகச் சில்லர்.

ஸ்டாண்ட்பை ரேட்டிங் விலை குறைவு, ஆனால் ஐஎஸ்ஓ 8528 படி அது ஆண்டுக்கு 200 மணி நேரத்துக்குத்தான். 2016 வர்தா மாதிரி மின்சாரம் நாட்கணக்கில் போனால் அந்தக் கணக்கு சீக்கிரம் கரையும். பிரைமிலும் 24 மணி நேரச் சராசரி 70% தாண்டக் கூடாது. நமது சராசரி 150 கிலோவாட், 320 கேவிஏ செட் 0.8 பவர் ஃபேக்டரில் தரும் 256 கிலோவாட்டில் 59%. கேனபிக்குள் 45 டிகிரியில் இந்த ரேட்டிங் கிடைக்கும் என்று விற்பவர் எழுதித் தர வேண்டும். மாதம் ஒருமுறை, குறைந்தது 30% லோடில் அரை மணி நேரம் ஓட்ட வேண்டும். வெறுமனே ஓட்டினால் எரியாத டீசல் எக்ஸாஸ்ட்டில் படியும்.

எரிபொருள்: 150 கிலோவாட்டுக்கு மணிக்குச் சுமார் 40 லிட்டர். 990 லிட்டர் டேங்க் இரண்டு, அடியில் 5% எடுக்க முடியாது, ஆகவே 47 மணி நேரம் தாங்கும். பெட்ரோலியம் சட்டப்படி, ஓரிடத்தில் மொத்தம் 2,500 லிட்டருக்கு மிகாமலும், ஒவ்வொரு கலனும் 1,000 லிட்டருக்கு மிகாமலும் இருந்தால் டீசலுக்கு லைசென்ஸ் வேண்டாம். பழைய கட்டடத்தில் உள்ள 450 லிட்டரையும் இதில் சேர்த்தே எண்ண வேண்டும், மொத்தம் 2,430. இனி ஒரு பேரல் கூடக் கூடுதலாக வைக்க இடமில்லை. 72 மணி நேரம் வேண்டுமென்றால் பெட்ரோலியப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான பெசோவின் லைசென்ஸ் பெற்ற நிலத்தடி டேங்க் தேவை. அதை இப்போதே தொடங்கச் சொல்கிறேன், ஏனெனில் 2015, 2023 டிசம்பர் வெள்ளம் மாதிரி தெருவில் தண்ணீர் நின்றால் டீசல் லாரி உள்ளே வராது.

செட், பேனல், டேங்க் எல்லாம் 2023 நீர்மட்டத்துக்கு 1 மீட்டர் மேலே மேடையில் அமைய வேண்டும். நிலத்தடி டேங்க் வந்தால் அது மிதக்காதபடி கான்கிரீட்டில் கட்டி, அதன் வென்ட் குழாயையும் நிரப்பும் வாயையும் அதே உயரத்துக்கு ஏற்ற வேண்டும்.