தவறாகப் பிடித்த ரூ.38,400-ஐயும் அதனால் வந்த கட்டணங்களையும் திரும்ப வரவு வைக்கக் கோரி

12.06.2025

அனுப்புநர்:
இரா. தனலட்சுமி
சேமிப்புக் கணக்கு (கடைசி நான்கு எண்கள் 7148)

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்

ஐயா,

வணக்கம். கடந்த 04.06.2025 அன்று என் கணக்கிலிருந்து ரூ.38,400 பிடிக்கப்பட்டிருக்கிறது. பாஸ்புக்கில் அந்த வரிக்கு நேரே செக் எண் 000417 என்று இருக்கிறது. அப்படி ஒரு செக்கை நான் யாருக்கும் கொடுக்கவில்லை, கொடுத்திருக்கவும் முடியாது. என்னிடம் உள்ள செக் புத்தகம் 000231-ல் தொடங்கி 000255-ல் முடிகிறது. அதில் இன்னும் ஒன்பது தாள்கள் எழுதாமலே இருக்கின்றன. புத்தகத்தைக் கையோடு கொண்டு வந்திருக்கிறேன், தாங்களே பார்க்கலாம்.

05.06.2025 அன்று மாலை, வீட்டுக் கடன் நிறுவனத்திலிருந்து தவணை திரும்பிவிட்டது என்று செய்தி வந்த பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. பணம் பிடித்ததற்கான எஸ்எம்எஸ் எதுவும் வரவில்லை. மறுநாள் காலை கிளை திறந்ததும் நேரில் வந்தேன். கவுண்டரில் இருந்த அலுவலர் அன்றைய செக்குகளைத் தேடி எடுத்துப் பார்த்தார். அந்த செக் 7184 என்று முடியும் வேறொருவர் கணக்குக்கு உரியது. பதிவு செய்யும்போது கடைசி இரண்டு எண்கள் இடம் மாறி, என் கணக்கில் ஏறிவிட்டது. அதில் இருந்த கையெழுத்துக்கும் என் கையெழுத்துக்கும் துளியும் ஒற்றுமை இல்லை. அவசரத்தில் எண் மாறுவது யாருக்கும் நடக்கக்கூடியதுதான். அந்த அலுவலரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அவர்தான் பொறுமையாகத் தேடி எடுத்துக் காட்டினார்.

என் வருத்தம் அதற்குப் பிறகு நடந்ததில்தான். அந்த இன்னொரு கணக்கில் இப்போது போதுமான பணம் இல்லை, அவர் கட்டியதும் உங்களுக்கு வரவு வைக்கிறோம் என்று சொன்னார்கள். அது வங்கிக்கும் அந்த வாடிக்கையாளருக்கும் இடையே உள்ள விவகாரம். அவர் எப்போது கட்டுவார் என்று நான் ஏன் காத்திருக்க வேண்டும்? நான் பணத்தைப் போட்டு வைத்தது வங்கியை நம்பித்தான்.

பணம் பிடிப்பதற்கு முன் கணக்கில் ரூ.46,215 இருந்தது. பிடித்த பிறகு மிஞ்சியது ரூ.7,815. கடன் தவணையோ ரூ.9,860. அதனால் 05.06.2025 அன்று தவணை திரும்பியது, கட்டணம் ரூ.500, ஜிஎஸ்டி ரூ.90. 09.06.2025 அன்று இரண்டாம் முறை வந்து அதுவும் திரும்பியது. மறுபடியும் அதே ரூ.590. இந்த இரண்டாவது கட்டணம், தவறு என்று நேரில் வந்து சொல்லி மூன்று நாள் கழித்துப் பிடிக்கப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். கடன் நிறுவனமும் தன் பங்குக்கு ரூ.590 வாங்கிக்கொண்டது. தவணைப் பணத்தைத் தங்கையிடம் கைமாற்றாக வாங்கி 10.06.2025 அன்று கட்டினேன்.

ஆகவே ரூ.38,400, தங்கள் கிளை பிடித்த ரூ.1,180, கடன் நிறுவனத்துக்கு நான் கட்டிய ரூ.590 என மொத்தம் ரூ.40,170-ஐ என் கணக்கில் வரவு வைக்க வேண்டுகிறேன். தவறாகப் பிடித்த தொகையை வரவு வைக்கும் நாளின் தேதியில் போடாமல், 04.06.2025 என்ற மதிப்புத் தேதியிட்டுப் பதிய வேண்டும். சேமிப்புக் கணக்குக்கு வட்டி தினசரி இருப்பின் மேல் கணக்கிடப்படுகிறது. அதோடு, தேதியைத் திருத்தாவிட்டால் மாதக் கடைசியில் சராசரி இருப்பு குறைந்துவிட்டது என்று அதற்கும் ஒரு கட்டணம் வந்து நிற்கும். அப்புறம் அதற்காக இன்னொரு கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது இன்னொன்று. ஐந்து வருடமாக ஒரு தவணைகூடத் தவறியதில்லை. இப்போது தவணை திரும்பியதாகப் பதிவாகி, சிபில் மதிப்பெண் குறைந்துவிடக் கூடாது. தவணை திரும்பியதற்கு வங்கியின் பதிவுப் பிழையே காரணம், வாடிக்கையாளர் மேல் தவறு இல்லை என்று கிளையின் முத்திரையோடு ஒரு கடிதம் கொடுத்தால் கடன் நிறுவனத்தில் சேர்த்துவிடுவேன். அதை இந்த வாரத்துக்குள் தர முடிந்தால் நல்லது.

பணத்தை ஏழு நாளுக்குள் வரவு வைத்து, எழுத்தில் பதில் தருவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். 30 நாள் வரை தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போக வழி இருக்கிறது என்பது தெரியும். கிளையிலேயே முடியக்கூடிய காரியத்துக்கு அவ்வளவு தூரம் போக எனக்கு விருப்பமில்லை.

இந்தக் கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் இட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இரா. தனலட்சுமி

இணைப்பு: பாஸ்புக் பக்கத்தின் நகல், செக் புத்தகத்தின் முதல் மற்றும் கடைசித் தாள்களின் நகல், கடன் நிறுவனம் கொடுத்த ரூ.590-க்கான ரசீது.