பின்னப் பட்டைகள்: எது சமம், எது பெரியது?

வகுப்பு 4, கணக்கு, பயிற்சித் தாள்

தேவையானவை: பழைய காலண்டர் அட்டை, கத்தரிக்கோல், ஸ்கேல், வண்ணப் பென்சில்.

பட்டை செய்வோம்

24 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலத்தில் ஏழு பட்டைகள் வெட்டுங்கள். ஒன்று கூடக்குறைய இருந்தாலும் கணக்கு தப்பிவிடும், அடுக்கிவைத்துச் சரிபாருங்கள். முதல் பட்டையில் கோடு வேண்டாம். அதுதான் முழுசு, 1. மற்ற ஆறையும் 2, 3, 4, 6, 8, 12 சம பாகங்களாகக் கோடு போட்டுப் பிரியுங்கள். ஒரு பாகத்தின் நீளம் வரிசையாக 12, 8, 6, 4, 3, 2 செ.மீ. வரும். பாகங்களைத் துண்டாக்க வேண்டாம், தொலைந்துவிடும்!

சமான பின்னங்கள்

1/2 பட்டையில் ஒரு பாகத்துக்கு வண்ணம் தீட்டுங்கள். அதன் கீழே நான்கு பாகப் பட்டையை வையுங்கள். 2/4 அதே இடத்தில் முடிகிறதா? எண்கள் வேறு, நீளம் ஒன்று. இவைதான் சமான பின்னங்கள்.

1. 1/2-க்குச் சமமான பின்னங்கள் இன்னும் மூன்று உங்கள் பட்டைகளில் இருக்கின்றன. கண்டுபிடியுங்கள்.
2. 2/3-க்குச் சமமாக ஆறு பாகப் பட்டையில் எத்தனை பாகம்? பன்னிரண்டில்?
3. 3/4-இன் தொகுதியையும் பகுதியையும் 2-ஆல் பெருக்குங்கள். கிடைத்த பின்னத்தைப் பட்டையில் வைத்துப் பாருங்கள்.

வேற்றினப் பின்னங்கள்

தோவாளை சந்தையில் ஒரே நீளத்தில் இரண்டு பிச்சிப்பூச் சரம் வாங்கினார் அம்மா. ஒன்றில் 2/3 பங்கை அக்கா வைத்துக்கொண்டாள். இன்னொன்றில் 3/4 பங்கு தங்கைக்கு. "அவளுக்குத்தான் கூடுதல்" என்று அக்கா சண்டைக்கு வந்தாள். அவள் சொன்னது சரியா?

```
2/3  ■■■■■■■■■■■■■■■■□□□□□□□□
3/4  ■■■■■■■■■■■■■■■■■■□□□□□□
```

ஒரு கட்டம் 1 செ.மீ. அக்காவுக்கு 16, தங்கைக்கு 18. சண்டை நியாயம்தான். பன்னிரண்டு பாகப் பட்டையை அடியில் வைத்தால் இன்னும் தெளிவு: 2/3 = 8/12, 3/4 = 9/12. பகுதி ஒன்றானதும் தொகுதியைப் பார்த்தாலே போதும்.

4. 1/8, 1/3: எது பெரியது? 8 பெரிய எண்தானே என்று அவசரப்படாதீர்கள். எட்டுப் பேர் பங்கு போட்டால் ஆளுக்குக் கிடைப்பது கூடுமா, குறையுமா?
5. 3/8, 5/12: பட்டை வைத்துப் பெரியதைச் சொல்லுங்கள்.
6. 5/6, 7/8: ரொம்ப நெருக்கமானவை. கூர்ந்து பாருங்கள். இரண்டிலும் முழுசாக இன்னும் எவ்வளவு வேண்டும்?
7. 2/3, 1/2, 5/8, 3/4: சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துங்கள்.
8. ராஜா ஒரு பெரிய ஏத்தன்பழத்தில் 1/2 சாப்பிட்டான். மேரி ஒரு சின்ன மட்டிப்பழத்தில் 3/4 சாப்பிட்டாள். "3/4 பெரிசு, அதனால் மேரிதான் அதிகம் சாப்பிட்டாள்" என்கிறான் ராஜா. நம் பட்டைகளை வைத்து இதைச் சொல்ல முடியுமா? ஏன் என்று இரண்டு வரி எழுதுங்கள்.