இடம் மாறிய ஒரு சொல்: 2009 பதவியேற்புச் சடங்கின் பிழையும் சீராக்கமும்

ஒரு சடங்கு பிசகிவிட்டதா என்பதை அதில் நேர்ந்த தவறை மட்டும் பார்த்து முடிவு செய்ய இயலாது. தவறுக்குப் பின் எதைத் திரும்பச் செய்தார்கள், எதைத் தொடாமல் விட்டார்கள் என்று பார்க்கும்போதுதான், அச்சடங்கின் உயிர்நாடி எது என்று அதைச் செய்தவர்கள் கருதினார்கள் என்பது வெளிப்படுகிறது. 2009 ஜனவரி 20 அன்று பராக் ஒபாமா அமெரிக்க அதிபராகப் பதவியேற்ற நிகழ்வையும், மறுநாள் மாலை அதே உறுதிமொழியை அவர் மீண்டும் எடுத்த நிகழ்வையும் இந்தக் கோணத்தில் ஆராய்கிறேன். இரண்டாவது நிகழ்வை வெறும் சட்ட முன்னெச்சரிக்கை என்று படிப்பது போதாது என்பதே என் வாதம்.

உறுதிமொழியின் வாசகம் அரசியலமைப்பின் இரண்டாம் பிரிவிலேயே முப்பத்தைந்து சொற்களில் வரையறுக்கப்பட்டுள்ளது. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் அதைத் தாளைப் பார்க்காமல் நினைவிலிருந்து சொன்னார். பெயரைச் சொல்லி அவர் முடிப்பதற்குள், தமக்கான இடம் வந்துவிட்டதாக எண்ணி ஒபாமா தொடங்கிவிட்டார். இருவர் குரலும் மோதின. இந்த முதல் தடுமாற்றம் அடுத்த தவறுக்கு வழிவிட்டிருக்கலாம். ‘உண்மையுடன்’ என்று பொருள்படும் ‘ஃபெய்த்ஃபுல்லி’ என்ற சொல் ‘நிறைவேற்றுவேன்’ என்பதற்கு முன்னால் வர வேண்டும். ராபர்ட்ஸ் அதைத் தொடரின் கடைசிக்குத் தள்ளிவிட்டார். ‘நிறைவேற்றுவேன்’ என்பதோடு ஒபாமா நின்றார். சரியான வாசகம் அவருக்குத் தெரிந்திருந்ததால்தான் அந்த இடைவெளி ஏற்பட்டது என்று காணொளியைப் பலமுறை பார்த்தபின் உறுதியாகச் சொல்வேன். ராபர்ட்ஸ் திருத்த முயன்று மேலும் தடுமாற, ஒபாமா அவர் முதலில் சொன்ன பிழையான வரிசையையே சொல்லி முடித்தார்.

இந்தக் கணத்தில் சடங்கின் இரண்டு விதிகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. வாசகம் மாறாமல் இருக்க வேண்டும் என்பது ஒன்று. சொல்லிக்கொடுப்பவர் சொன்னதையே ஏற்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது மற்றொன்று. சரியான வாசகம் தெரிந்தவர், சொல்லிக்கொடுப்பவரைப் பின்பற்றியதாலேயே வாசகத்தை மீறினார். ஆகவே இதைக் கவனக்குறைவு என்பதைவிட, முன்மாதிரியைத் திருப்பிச் சொல்லும் முறைக்குள்ளேயே பொதிந்திருக்கும் பலவீனம் என்று கொள்வதே பொருந்தும்.

சொற்களால் செயல்களை நிகழ்த்துவது பற்றி 1955இல் ஹார்வர்டில் உரையாற்றிய மெய்யியலாளர் ஜே. எல். ஆஸ்டின், ஒரு நடைமுறையைப் பிழையின்றியும் முழுமையாகவும் செய்யாவிட்டால் அச்செயல் நிகழாமலேயே போய்விடும் என்றார். அதைக் கண்டிப்பாகப் பொருத்தினால் ஜனவரி 20 அன்று பதவியேற்பே நடக்கவில்லை என்றாகும். ஆனால் அரசியலமைப்பின் இருபதாம் திருத்தத்தின்படி புதிய அதிபரின் பதவிக்காலம் அன்று நண்பகலில் தானாகவே தொடங்கிவிடுகிறது. உறுதிமொழி சொல்லப்பட்டபோது நண்பகல் கடந்து சில நிமிடங்கள் ஆகியிருந்தன. கடிகாரம் அவரை அதிபராக்கியிருந்தது. ஆனால் பணிகளை மேற்கொள்ளும் முன் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்ற விதியும் நிலைத்திருந்தது. சடங்கு தேவையற்றதும் அல்ல, பதவியை உண்டாக்குவதும் அல்ல என்ற இந்த இடைநிலையில் ஆஸ்டினின் ‘நிகழ்ந்தது, நிகழவில்லை’ என்ற பிரிவு தடுமாறுகிறது.

மானிடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் 1957இல் வெளியான கட்டுரையில் ஆராய்ந்த ஜாவாச் சிறுவனின் இறுதிச் சடங்கோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அங்கே சடங்கைத் தடுத்தது சமூகத்தின் அரசியல், சமயப் பிளவு. இங்கே எவரும் எதையும் மறுக்கவில்லை, பொருளும் சிதையவில்லை. ‘பதவியை உண்மையுடன் நிறைவேற்றுவேன்’ என்பதும் ‘உண்மையுடன் பதவியை நிறைவேற்றுவேன்’ என்பதும் தமிழில் ஒன்றே. ஆங்கிலத்திலும் ஏறத்தாழ அப்படித்தான். கெட்டது பொருளன்று, வரிசை. மந்திரத்திற்கு உரிய கண்டிப்பை ஒரு சட்ட வாசகத்தின் மேல் வைக்கும்போதுதான் இது பிழையாகிறது.

மறுநாள் மாலை ஏறத்தாழ ஏழரை மணிக்கு வெள்ளை மாளிகையின் வரைபட அறையில் சீராக்கம் நடந்தது. தொலைக்காட்சிக் கேமராக்கள் இல்லை. சில செய்தியாளர்களும் அதிபரின் அலுவலர்களும் மட்டுமே இருந்தனர். முதல் நாள் பயன்பட்ட லிங்கனின் விவிலியமோ வேறு விவிலியமோ இல்லை. தயாரா என்று ராபர்ட்ஸ் கேட்டபோது, தயார்தான், மிக மெதுவாகச் செய்வோம் என்று ஒபாமா பதில் சொன்னார். அரை நிமிடத்திற்குள் எல்லாம் முடிந்தது.

இங்கே விடப்பட்டவை யாவும் அரசியலமைப்பு கேட்காதவை. கூட்டம், விவிலியம், இசை எதையும் அது விதிக்கவில்லை. இத்துடன் நிறுத்தினால் சட்ட விளக்கமே போதும் என்று தோன்றும். ஆனால் சட்டம் கேட்காத சில தக்கவைக்கப்பட்டன. உறுதிமொழியை யார் செய்துவைக்க வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்வதில்லை; 1923இல் அதிபர் கால்வின் கூலிட்ஜுக்கு அவருடைய தந்தையே, நோட்டரி என்ற முறையில், செய்துவைத்தார். அப்படியிருக்க, தவறிய அதே நீதிபதி நீதிமன்ற அங்கியோடு வந்தார், அதே முறையில் சொல்லிக்கொடுத்தார். இருவருக்கும் இடையே பலர் அறியக் குலைந்த ஒத்திசைவு அவர்களாலேயே மீட்கப்பட்டது. வேறொருவர் செய்துவைத்திருந்தால் வாசகம் சரியாகியிருக்கும். அந்தக் குலைவு அப்படியே நின்றிருக்கும்.

வெள்ளை மாளிகைச் சட்ட ஆலோசகரின் அறிக்கை இன்னும் நுட்பமானது. முதல் உறுதிமொழி செல்லத்தக்க முறையில்தான் நடந்தது, ஆனால் அதன் வாசகம் அரசியலமைப்பிலேயே இருப்பதாலும் ஒரு சொல் வரிசை மாறியதாலும் மிகுந்த எச்சரிக்கையின் பொருட்டு மீண்டும் எடுக்கப்பட்டது என்பது அதன் சாரம். பிழையை ஒப்புக்கொண்டால் இடைப்பட்ட ஒரு நாளின் செயல்கள் கேள்விக்குள்ளாகும். மறுத்தால் மறுசடங்குக்குக் காரணமே இராது. பண்டைய ரோமில் விழாவில் ஆடுபவர் நின்றாலோ குழலோசை திடீரென ஓய்ந்தாலோ அதைக் குறையாக அறிவித்து விழாவை மீண்டும் நடத்தினார்கள். வேள்விப் பிழைகளுக்கான பிராயச்சித்தமும் பிழையைப் பெயர் சொல்லியே தீர்க்கிறது. இந்த நவீனச் சீராக்கமோ பிழையைப் பிழை என்று பெயரிடாமல் தீர்க்க வேண்டியிருந்தது.

அறிக்கை சொல்லாமல் விட்ட இன்னொன்றும் உண்டு. உறுதிமொழியின் அதே தொடரில் ராபர்ட்ஸ் ஓர் இடைச்சொல்லையும் மாற்றிச் சொன்னார். ஒபாமா அதைச் சரியாகவே சொன்னதால் அது பிழையாக எண்ணப்படவில்லை. சொல்லிக்கொடுப்பவர் வாயில் நேர்ந்தது கணக்கில் வராது, ஏற்பவர் வாயில் நேர்ந்ததே கணக்கு என்ற எழுதப்படாத விதி இதில் தெரிகிறது. எனினும் இதையும் பொது விதியாக்க முடியாது. 1929இல் அதிபர் ஹூவருக்குச் செய்துவைத்த தலைமை நீதிபதி டாஃப்ட் வாசகத்தின் ஒரு வினையையே மாற்றிவிட்டார். வானொலியில் கேட்ட ஒரு பள்ளி மாணவி அதைக் கண்டுபிடித்தும், உறுதிமொழி மீண்டும் எடுக்கப்படவில்லை. பிழையின் அளவு மட்டும் சீராக்கத்தைக் கோருவதில்லை. அதைக் கேட்டவர்கள் எழுப்பக்கூடிய ஐயத்திற்கு அதிகாரத்தில் இருப்பவர்கள் எவ்வளவு எடை தருகிறார்கள் என்பதும் கோருகிறது.

2013 ஜனவரி 20 அன்று வெள்ளை மாளிகையின் நீல அறையில் ஒபாமா இரண்டாம் பதவிக்காலத்திற்குப் பதவியேற்றபோது, ராபர்ட்ஸ் வாசகத்தைத் தாளைப் பார்த்தே படித்தார். பிழை, நான்கு ஆண்டுகளில் சடங்கின் புதிய வழக்கமாக மாறியிருந்தது. முடிந்தவுடன் இளைய மகள் தந்தையைப் பாராட்டினாள். செய்துவிட்டேன் என்றார் அவர். நீங்கள் சொதப்பவில்லை என்றாள் அவள். சட்டப்படி தீர்க்கப்பட்டு நான்கு ஆண்டுகள் ஆன பிழையை அந்தக் குழந்தை இன்னும் அளவுகோலாக வைத்திருந்தாள்.