மூணு முப்பத்தாறு

ஜொகூர் பாரு எல்லைச் சோதனைச் சாவடியிலிருந்து வெளியே வந்து, மேம்பாலத்து நடைபாதையில் இறங்கும்போதே சரவணன் முதல் பணமாற்றுக் கடையின் போர்டைப் பார்த்துவிட்டான். சிவப்பு எழுத்தில் 3.345. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு அத்தனை மலேசிய ரிங்கிட். நின்று யோசித்தான். கடையில் ஆளே இல்லை. உள்ளே இருந்தவர் கன்னத்தில் கை வைத்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆள் இல்லாத கடையில் அவன் எதுவும் வாங்கியதில்லை. அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் கூட கூட்டம் இருக்கிற டீக்கடைக்குத்தான் போவான்.

வோங் ஆ ஃபூக் சாலைப் பக்கம் திரும்பியதும் இரண்டாவது கடை. அங்கே 3.36. வரிசை கடையைத் தாண்டி, பக்கத்துச் செருப்புக்கடை வாசலை மறைத்துக்கொண்டு நின்றது. போர்டைப் போட்டோ எடுத்து ரூம் குரூப்பில் போட்டான். கீழே எழுதினான்: 'ஆளுக்கு 840 ரிங்கிட்.'

அவன் பையில் இருந்தது ஆறு பேர் காசு. ஆளுக்கு 250 சிங்கப்பூர் வெள்ளி, மொத்தம் 1500. 2024 ஆகஸ்ட் 9, சிங்கப்பூர் தேசிய தினம், வெள்ளிக்கிழமை வந்தது. துவாஸ் கப்பல் பட்டறையில் அபூர்வமாக எல்லாருக்கும் சேர்ந்தாற்போல லீவு. பத்துமலை முருகனைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு வருடமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு மலேசியா விசா வேண்டாம் என்று ஆனதும் பேச்சு இன்னும் சூடு பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை வேலை பார்த்ததற்குத் திங்கட்கிழமை ஓய்வு கிடைத்தது சரவணனுக்கு மட்டும். வேன்காரரைப் பார்த்து முன்பணம் கொடுத்து, எல்லார் காசையும் மாற்றி வைக்கிற வேலை அவன் தலையில் விழுந்தது அப்படித்தான்.

ஜூரோங்கில் 160 பஸ் பிடித்து, உட்லண்ட்ஸில் இறங்கி பாஸ்போர்ட் காட்டி, மறுபடி பஸ் ஏறி பாலம் தாண்டி, இந்தப் பக்கம் இறங்கி மறுபடி வரிசை. காலையிலிருந்து அவன் பார்த்தது முன்னால் நிற்பவர்களின் பிடரியைத்தான். இன்னொரு வரிசை என்ன பெரிய விஷயம்?

அவனுக்குப் பின்னால் ஒரு அக்கா வந்து நின்றார். கையில் ஹெல்மெட், தோளில் மழைக்கோட்டுப் பை. இரவு ஷிப்ட் முடித்து பைக்கில் பாலம் தாண்டி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"பசியாறிட்டியா தம்பி?"

அவனுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. "இன்னும் சாப்பிடலக்கா."

"ஊருலேருந்தா? எவ்வளவு மாத்தப் போற?"

சொல்லலாமா என்று தயங்கி, சொன்னான். அவர் போர்டை எட்டிப் பார்த்தார். "பிப்ரவரில நான் மூணு அம்பத்தஞ்சுக்கு மாத்துனேன். வீட்டுக்குக் கூரை போட்டேன் அந்தக் காசுல. இப்ப பாரு, சம்பளம் அதேதான், வாரா வாரம் கொறஞ்சுக்கிட்டே வருது. ரிங்கிட் ஏறுதாம். நாட்டுக்கு நல்லதுன்னு டிவியில சொல்றான். எனக்கு எங்க நல்லது?"

வரிசை நகரவில்லை. முன்னால் ஒருவர் ஜப்பான் யென்னும் தாய்லாந்து பாத்தும் கலந்து கொண்டுவந்து கொட்டியிருந்தார். ஒவ்வொரு தாளையும் விளக்கில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார் கடைக்காரர். சரவணன் மனக்கணக்குப் போட்டான். அந்த 3.345 கடைக்கும் இதற்கும் மொத்தத்தில் இருபத்திரண்டரை ரிங்கிட் வித்தியாசம். சிங்கப்பூர் காசில் ஏழு வெள்ளிகூட இல்லை. அதற்காக நிற்கலாமா? ஆனால் குரூப்பில் 840 என்று போட்டாயிற்று. பாண்டி ஏற்கெனவே கட்டைவிரல் காட்டியிருந்தான். பாண்டி கட்டைவிரல் காட்டினால் அது பத்திரத்தில் கைநாட்டு வைத்த மாதிரி, அப்புறம் ஒரு காசு குறைந்தாலும் விடமாட்டான்.

அரை மணி நேரத்துக்கு மேல் ஆகி, அவன் முன்னால் ஒரே ஒருவர் மிச்சம். பெரியவர், சட்டைப் பையில் இரண்டு பேனா. அவருக்கு எதிர்ப்பக்கக் கணக்கு: ரிங்கிட் கொடுத்து 1000 சிங்கப்பூர் வெள்ளி வாங்க வந்திருந்தார். விற்கிற விலை 3.38. நூறு ரிங்கிட் ஊதாத் தாள்களை எச்சில் தொட்டு எண்ணி, 3380-ஐக் கண்ணாடிக்குக் கீழே இருந்த சந்தில் தள்ளினார்.

கடைக்காரர் எண்ணும் இயந்திரத்தில் கட்டை வைத்த அதே நேரம் அவர் போன் சத்தம் போட்டது. பார்த்தார். சுவரில் ஓடிய டிவியைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் மேசைக்கு அடியிலிருந்து ரிமோட் போன்ற ஒன்றை எடுத்து நாலைந்து தடவை அழுத்தினார்.

போர்டு ஒரு கணம் அணைந்து, மறுபடி எரிந்தது. வாங்க 3.33. விற்க 3.35.

பெரியவர் அதைக் கவனிக்கவே இல்லை. கடைக்காரர் ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளியை எண்ணிக் கொடுத்துவிட்டு, அதன் மேல் மூன்று சிவப்புப் பத்து ரிங்கிட் தாள்களையும் வைத்தார். "இது உங்களுக்குங்க. ரேட்டு இறங்கிடுச்சு."

பெரியவர் தாள்களை ஏற இறங்கப் பார்த்தார். கெட்ட செய்தி எங்கே என்று தேடுகிற பார்வை. அப்படி ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் பேனாக்களுக்குப் பின்னால் பணத்தைச் செருகிக்கொண்டு விறுவிறு என்று நடந்துவிட்டார்.

"அடுத்து, வாங்க தம்பி."

சரவணன் போனை நீட்டினான். "பாய், நான் வரும்போது மூணு முப்பத்தாறு. இங்க பாருங்க, போட்டோ. பத்து மணிக்கு எடுத்தது."

பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "நல்லா எடுத்திருக்கீங்க. ஆனா பத்து மணிக்கு நீங்க எங்கிட்டக் காசு குடுக்கலையே."

"வரிசையில நின்னேனே!"

"நின்னீங்க, நான் பாத்தேன். வரிசைக்கு ரேட்டு கிடையாது தம்பி. காசு கை மாறும்போது என்ன போர்டோ அதுதான்." குரல் தடிக்கவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் இதைச் சொல்லியிருப்பார்? "உங்ககிட்ட வாங்குற சிங்கப்பூர் வெள்ளியை நான் வச்சுக் கும்பிடவா போறேன்? சாயங்காலம் மொத்தமா எடுக்குறவன்கிட்டப் போயி விக்கணும். அவன் இப்பதான் மெசேஜ் போடறான், மூணு முப்பத்து நாலுக்குத்தான் எடுப்பானாம். உங்களுக்கு முப்பத்தாறு குடுத்தா நான் ரெண்டு காசு கையிலேருந்து போடணும், ஒவ்வொரு வெள்ளிக்கும்."

"காலையிலேருந்து இப்பக்குள்ள என்ன பாய் ஆயிடுச்சு?"

பாய் டிவியைக் காட்டினார். சத்தம் குறைத்து வைத்திருந்தது. டோக்கியோவில் சட்டையின் கைகளை மடித்துவிட்ட ஆட்கள் திரைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே ஓடிய எண்கள் எல்லாம் சிவப்பு. "ஜப்பான்ல போன வாரம் வட்டிய ஏத்துனான். வெள்ளிக்கிழமை அமெரிக்காவுல வேலைக் கணக்கு மோசமா வந்துச்சு. இன்னைக்கு அங்க பங்குச் சந்தை குப்புற விழுது. அமெரிக்க டாலர் இறங்குது, ரிங்கிட் குதிக்குது. இப்படி ஒரு நாள் நான் பாத்ததே இல்ல, போர்டை மாத்தி மாத்தி விரலு வலிக்குது."

அன்று ஜப்பான் பங்குச் சந்தையின் நிக்கேய் குறியீடு 12 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. துவாஸில் வெல்டிங் பிடிக்கிற ஆறு பேர் முருகனைப் பார்க்கப் போவதற்கும் அதற்கும் ஆளுக்கு ஏழரை ரிங்கிட் சம்பந்தம் இருந்தது. 250-ஐ 3.33-ஆல் பெருக்கினால் 832.50. சரவணனுக்கு டோக்கியோ கண்ணில் படவில்லை, பாண்டி முகம்தான் தெரிந்தது.

"அந்தப் பாலத்துக்கிட்ட ஒரு கடை, முப்பத்து நாலரை போட்டிருந்தான்..."

"ஓடிப் பாரு தம்பி," என்றார் பின்னால் நின்ற அக்கா. "எடத்த நான் பாத்துக்கறேன்."

பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஓடினான். செருப்புக்கடை, ஜூஸ் கடை, படிக்கட்டு. அந்தக் கடையிலும் இப்போது ஏழெட்டுப் பேர் நின்றார்கள். போர்டு 3.32. கன்னத்தில் கை வைத்திருந்த ஆள் நிமிரக்கூட நேரமில்லாமல் எண்ணிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது அக்கா கவுண்டருக்கு முன்னால் ஹெல்மெட்டை வைத்துவிட்டு, நகராமல் நின்றார். வரிசை முணுமுணுத்தது. 3.33 அப்படியே இருந்தது.

"மாத்துங்க பாய்," என்றான். பாய் பாஸ்போர்ட் கேட்டார், வாங்கி எழுதிக்கொண்டார். நூறு வெள்ளி ஆரஞ்சுத் தாள்களும் ஐம்பது வெள்ளி நீலத் தாள்களும் ஒரு நிமிடத்தில் சந்துக்குள் போயின. 4995 ரிங்கிட் வெளியே வந்தது. "எண்ணிப் பாத்துட்டு நகருங்க, அப்புறம் கேக்கக் கூடாது." அவன் இரண்டு தடவை எண்ணினான்.

அவன் ஒதுங்கி நின்று எண்ணி முடிப்பதற்குள் போர்டு மறுபடி அணைந்து எரிந்தது. 3.325. அக்கா கையில் இருந்த சம்பளக் கவரைப் பார்த்தார். பாதியை உள்ளே வைத்தார், பாதியைச் சந்தில் தள்ளினார். "வாடகைக்கு மட்டும் மாத்திக்கறேன். மிச்சம் அடுத்த வாரம் பாப்போம்."

"அடுத்த வாரம் ஏறுமாக்கா?"

"யாருக்குத் தெரியும்? நீ போயிப் பசியாறு மொதல்ல."

அந்த அக்கா மீதியை எப்போது மாற்றினாரோ. செப்டம்பர் கடைசியில் சிங்கப்பூர் வெள்ளி 3.20 பக்கம் இறங்கிவிட்டது.

வேன்காரர் செல்வம், ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயில் பக்கத்தில் ஒரு கடையில் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்று நாளுக்கு 2400 ரிங்கிட், முன்பணம் ஆயிரம் என்று போனிலேயே பேசியிருந்தது. சரவணனும் ஒரு ரொட்டியும் டீயும் சொன்னான். சாப்பிட்டுக்கொண்டே ரேட் கதையைச் சொன்னான். குரூப்பில் அதற்குள் பாண்டி, 'ஏழரை எங்கடா போச்சு?' என்று கேட்டிருந்தான். சனி பகவான் மேல் சத்தியமாக அவனுக்கு அது தற்செயலாக வந்த எண் என்று சரவணன் எப்படிப் புரிய வைப்பது?

செல்வம் ரொட்டியைக் குழம்பில் தோய்ப்பதை நிறுத்தினார். "ஏன்டா தம்பி, சிங்கப்பூர் காசாவே வச்சிருந்தா அதையே எங்கிட்டக் குடுத்திருக்கலாமே! எம் பொண்ணு அங்கதான் படிக்கிறா. மாசா மாசம் நான் வரிசையில நின்னு சிங்கப்பூர் வெள்ளி வாங்கிட்டிருக்கேன். மொத்தத்துக்கும் எழுநூறு குடுன்னு முடிச்சிருப்பேனே!"

சரவணன் போனில் தட்டினான். எழுநூறு, பெருக்கல் 3.33, சமம் 2331. அறுபத்தொன்பது ரிங்கிட் மிச்சமாகியிருக்கும். பேரம் முடிந்த பிறகு எல்லாருக்கும் மனசு தாராளம் என்பது வேறு விஷயம்.

"நீங்க போன்ல சொல்லவே இல்லையேண்ணே."

"நீ கேக்கவே இல்லையே."

ஆயிரம் ரிங்கிட்டை எண்ணிக் கொடுத்தான். செல்வம் ரசீதுப் புத்தகத்தில் வேன் நம்பரையும் வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி என்பதையும் எழுதிக் கிழித்துக் கொடுத்தார். சரவணன் அதை மடித்துப் பையில் வைத்துவிட்டு, டீயைக் குடித்து முடித்துக் கேட்டான்.

"சரிண்ணே, பாக்கி 1400. பசங்க வெள்ளிக்கிழமை இன்னும் கொஞ்சம் சிங்கப்பூர் காசு கொண்டு வருவானுங்க. அதுல குடுத்தா எவ்வளவு போட்டுக்குவீங்க?"

செல்வம் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"அதை வெள்ளிக்கிழமை ரேட்டு பாத்துட்டுச் சொல்றேன் தம்பி."